கரடி எந்தக் கொத்தில் இருந்தது? கோத்தகிரிச் சுவர் ஒன்றின் 72 ஒட்டுத்தாள்கள்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு வாரத்தில், கோத்தகிரிக்கு மேலே ஒரு ஊரின் சமுதாயக் கூடத்தில் சிறு தேயிலை விவசாயிகளும் கொழுந்து பறிக்கும் பெண்களும், கொழுந்தை வாங்கும் இலை ஏஜென்ட்களும் தொழிற்சாலை ஆட்களும் கூடினார்கள். பச்சைத் தேயிலை வேலையில் எங்கே இடறுகிறது என்று ஆளுக்குச் சில தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து தாள்களை நகர்த்தி, ஒன்றோடு ஒன்று சேருவதைப் பக்கத்தில் வைத்துக் கொத்துக் கொத்தாக்க வேண்டும். மாலை ஐந்தரைக்குக் கூட்டம் முடிந்தது. கூட்டத்தை நடத்திய அக்கா ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, தாள்களைப் பிய்த்து பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மறுநாள் அந்தப் போட்டோ வாட்ஸ்அப்பில் குன்னூரில் இருக்கும் எனக்கு வந்தது. கூடவே ஒரு வரி: "இதைப் பட்டியலாப் போட்டுத் தாங்க, எது எதோட இருந்துச்சுன்னும் தெரியணும்."

அந்தக் கடைசிப் பகுதிதான் வேலையே. எனக்கு முன்னால் ஒரு தம்பி இதே தாள்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார். டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, படித்து, விலை, கூலி, வனவிலங்கு, போக்குவரத்து, மழை, உரம் என்று ஆறு தலைப்பில் அழகாகத் தட்டச்சு செய்திருந்தார். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஆனால் அது சுவரில் இருந்த பட்டியல் இல்லை. அவர் மனதில் இருந்த பட்டியல்.

படிக்க முடியாத போட்டோவின் பயன்

வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒன்றும் படிக்க முடியவில்லை. காரணத்தைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஒட்டியிருந்த சுவர்ப்பரப்பு 12 அடி அகலம், அதாவது 144 அங்குலம். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் நீளப்பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடுகிறது. அங்குலத்துக்கு 11 பிக்சல் வருகிறது. தாள் 3 அங்குலச் சதுரம். ஆக ஒரு தாளுக்கு 33 பிக்சல். அதற்குள் மூன்று வரி பால்பாயின்ட் எழுத்து எப்படித் தெரியும்?

அக்காவிடம் அதையே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னேன். மூலப்படம் 4000 பிக்சல் அகலம். இப்போது தாளுக்கு 83 பிக்சல். மார்க்கரில் எழுதியது படிக்கலாம், பால்பாயின்டில் எழுதியது பாதிதான். சுவரை நாலு நாலு அடியாக, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி மூன்று நான்கு படமாக எடுத்திருந்தால் தாளுக்கு 250 பிக்சல் கிடைத்திருக்கும், எல்லாமே படித்திருக்கலாம். தாள்கள் டப்பாவில் பத்திரமாக இருந்ததால் எழுத்துக்கு அவற்றை நம்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். எது எங்கே இருந்தது என்பதற்குத்தான் போட்டோவை விட்டால் வேறு சாட்சி இல்லை.

அப்போது செய்த ஒரு காரியத்தை, உண்மையில் சோம்பலில் செய்தது, இப்போது வழக்கமாகவே வைத்திருக்கிறேன். மூலப்படம் வர நேரமானதால் அந்த 33 பிக்சல் படத்திலேயே கொத்துகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். எழுத்து தெரியாததால் "இது விலை பற்றியது, அங்கே போகணும்" என்று கை ஓடவில்லை. தெரிந்ததெல்லாம் சதுரங்களும் அவற்றுக்கிடையே வெள்ளைச் சுவரும்தான். இடத்தைக் குறிக்க அதுதான் சரியான நிலை. நல்ல படம் கையில் இருந்தால்கூட முதலில் அதைச் சிறிதாக்கி எழுத்தை மங்கவைத்துவிட்டுத்தான் இப்போது தொடங்குகிறேன்.

எண், பிறகு இடைவெளி

படத்தின் நகல் ஒன்றில் ஒவ்வொரு தாளின் மேலும் எண் போட்டேன். இடக்கோடியில் மேலிருந்து கீழ், அடுத்து அதன் வலப்பக்கம், மறுபடி மேலிருந்து கீழ். எண் ஒரு முறை போட்டால் பிறகு மாற்றக் கூடாது. நடுவில் ஒன்று விட்டுப்போனது தெரிந்தால் கடைசி எண்ணுக்கு அடுத்ததைக் கொடுத்துவிட வேண்டும். வரிசை அழகாக இருக்கட்டும் என்று திருத்தப்போனால் அதற்கு முன் எழுதிய குறிப்பெல்லாம் வேறு தாளுக்குப் போய்விடும்.

முதல் எண்ணிக்கையில் 68 வந்தது. மறுநாள் காலை புதுக் கண்ணோடு எண்ணியபோது 71. இரண்டு தாள்கள் வேறு தாள்களுக்கு அடியில் ஒரு ஓரம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. இன்னொன்று சுவரிலேயே இல்லை, பெஞ்சுக் காலடியில் தரையில் கிடந்தது. அது விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. இந்தத் தாள்களின் பசை சின்னச் சின்ன உருண்டைகளாகத் தாளில் இருக்கும், அங்கங்கே புள்ளி புள்ளியாகத்தான் சுவரைத் தொடும். சுண்ணாம்படித்த சுவர் என்றால் அந்தப் புள்ளிகளில் பொடி ஏறிவிடும், அத்தோடு பிடிப்பு போயிற்று. போதாததற்குக் கூடத்துக்குள் மூடுபனி வந்து போயிருக்கிறது. தாளைக் கட்டிலிருந்து கீழிருந்து மேலாகப் பிய்த்தால் அது சுருண்டு நிற்கும், நிழல் விழுந்து கீழ்வரி மறையும். பக்கவாட்டில் இழுத்துப் பிய்த்தால் தட்டையாக ஒட்டும். அடுத்த கூட்டத்துக்கு அக்காவிடம் இதை மட்டும் சொல்லியனுப்பினேன்.

அடுத்தது இடைவெளி. எவ்வளவு தள்ளி இருந்தால் தனிக் கொத்து? நான் வைத்துக்கொண்ட அளவுகோல் தாளின் அகலமே. இரண்டு தாள்களுக்கு நடுவே அரைத்தாளுக்குள் இடம் இருந்தால் சேர்ந்தது. ஒரு தாளுக்கு மேல் இருந்தால் பிரிந்தது. இரண்டுக்கும் நடுப்பட்டால் கேள்விக்குறி. ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. வலப்பக்கம் பெஞ்சுகள் இருந்ததால் அக்கா இடது மூலையிலிருந்து சாய்வாகப் படம் எடுத்திருந்தார். அதனால் இடக்கோடியில் ஒரு தாள் 100 பிக்சல் அகலம், வலக்கோடியில் வெறும் 60. இடக்கோடியில் 50 பிக்சல் இடைவெளி என்றால் அரைத்தாள், சேர்ந்தது. வலக்கோடியில் 66 பிக்சல் என்றால் ஒரு தாளுக்கும் மேல், பிரிந்தது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் தெரியும். எந்த இடத்தை அளக்கிறோமோ அந்த இடத்தில் இருக்கும் தாளையே அளவுகோலாக எடுத்தால்தான் சாய்வு நம்மை ஏமாற்றாது. முதல் தடவை நான் ஒரே அளவை எங்கும் வைத்து, வலப்பக்கத்து இரண்டு கொத்துகளை ஒன்றாக்கியிருந்தேன்.

இன்னொரு குழி, சங்கிலி. ஒரு தாள் அடுத்ததை ஒட்டி, அது அடுத்ததை ஒட்டி என்று போனால் இரண்டு பெரிய கொத்துகள் ஒரே ஒரு தாளால் இணைந்துவிடும். இங்கே அப்படி ஒன்று 33-ம் எண். இடப்பக்கம் 9 தாள்கள், வலப்பக்கம் 8 தாள்கள், நடுவில் இது. விதியை அப்படியே பிடித்தால் 18 தாள்கள் கொண்ட ஒரு பெருங்கொத்து. ஆனால் இந்த ஒன்றை விரலால் மறைத்துப் பார்த்தால் இருபுறமும் தெளிவாக இரண்டு கூட்டம். அப்படிப்பட்ட தாளை எந்தப் பக்கமும் தள்ளாமல் 'இடை' என்றே எழுதினேன். அது இன்னும் என்னவென்று படிக்காத தாள் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்படி ஏழு கொத்துகள் கிடைத்தன. அவற்றில் 67 தாள்கள். தனியாக நின்றவை 2, இடையில் ஒன்று, தரையில் ஒன்று. கொத்துகளுக்கு அ, ஆ, இ என்று எழுத்துதான் கொடுத்தேன். சுவரில் மூன்று கொத்துகளுக்கு மட்டும் மேலே கோடிட்ட தலைப்புத் தாள் இருந்தது. மற்ற நான்குக்கும் 'தலைப்பு இல்லை' என்றே போட்டேன். நாமாக ஒரு பெயர் வைத்துவிட்டால் அடுத்து படிப்பவர் அதைக் கூட்டம் வைத்த பெயர் என்று எடுத்துக்கொள்வார். இம்மாதிரித் தாள் அடுக்கும் முறையை வகுத்த ஜப்பானிய மானிடவியலாளர் காவாகிடா ஜிரோவும் தாள்களைச் சேர்த்த பிறகே தலைப்பு என்றுதான் வைத்திருந்தார். தலைப்பு முதலில் வந்தால் தாள்கள் அதற்குக் கீழ்ப்படியத் தொடங்கிவிடும்.

நிறம் பொய் சொன்னது

மஞ்சள் தாள் விவசாயிகளுக்கு, ரோஸ் தாள் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு, பச்சைத் தாள் இலை ஏஜென்ட்களுக்கும் தொழிற்சாலையிலிருந்து வந்தவர்களுக்கும். அதனால் நிறமும் ஒரு தகவல், தனி நெடுவரிசையில் பதிய வேண்டும். படத்திலிருந்து எண்ணினால் மஞ்சள் 35, ரோஸ் 22, பச்சை 14.

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. மூன்றுமே 100 தாள் கொண்ட புதுக் கட்டுகள். மிச்சத்தை எண்ணச் சொன்னேன். அக்கா போனிலேயே எண்ணினார். மஞ்சளில் 61, ரோஸில் 78, பச்சையில் 89. அதாவது போனது 39, 22, 11. மொத்தம் 72. பச்சை எனக்கு 3 கூடுதல், மஞ்சள் 4 குறைவு.

மூன்று பச்சை எங்கிருந்து வந்தது? வலக்கோடியில், ஜன்னலோரத்தில் இருந்த தாள்களைத் திரும்பப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் மஞ்சள் பல்பின் வெளிச்சம், அந்த மூலையில் மட்டும் வெளியிலிருந்து மூடுபனியின் நீல வெளிச்சம். பக்கத்து வெள்ளைச் சுவரே அங்கே நீலமாகத்தான் இருந்தது. மஞ்சள்மேல் நீலம் விழுந்தால் பச்சைதானே. சுவரின் வெள்ளையோடு ஒப்பிட்டுத் திருத்தினால் அந்த மூன்றும் மஞ்சள். விரிதாளில் `=COUNTIF(C2:C72,"பச்சை")` போட்டுப் பார்த்தேன், 11. ஒத்துப்போயிற்று.

மீதி ஒரு மஞ்சள் மட்டும் கணக்கில் இல்லை. டப்பாவைக் கொட்டிப் பார்த்ததில் இரண்டு தாள் ஒட்டியபடி இருந்த ஒரு சோடி கிடைத்தது. யாரோ ஒருவர் தன் தாளை வேறொருவர் தாளின் மேல் அச்சாக ஒட்டியிருக்கிறார். மேல் தாள் ஈ கொத்தில் இருந்தது, அடித்தாளும் அங்கேதான். போட்டோவில் அது தெரியவே தெரியாது. எண் 72, 'கீழ்த்தாள், படத்தில் இல்லை' என்று குறிப்பு. இரண்டிலும் "ஆள் கிடைக்கல" என்றே இருந்தது, ஒரே வாசகம். அதை ஒன்றாக்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. ஈ கொத்தில் அதே இரண்டு சொல் ஐந்து பேர் கையெழுத்தில் இருக்கிறது. ஐந்து பேர் எழுதினார்கள் என்பதே ஒரு செய்தி.

இப்போது படிக்கலாம்

கொத்துகளை உறுதி செய்த பிறகுதான் டப்பாத் தாள்களைப் படித்து எண்களுக்கு எதிரே எழுதினேன். பேச்சு வழக்கை மாற்றவில்லை, சுருக்கத்தை விரிக்கவில்லை. ஆ கொத்தின் கடைசித் தாளிலிருந்து சில வரிகள் இப்படி வந்தன:

```
எண்,கொத்து,நிறம்,உரை,குறிப்பு
30,ஆ,மஞ்சள்,ஏஜென்ட் எடை,
31,இ,ரோஸ்,சாக்கு நனையுது,
32,இ,ரோஸ்,தண்ணி கழிவு,34-ஐ ஒட்டி
33,ஆ/இ,மஞ்சள்,வண்டி லேட்,இடை
34,இ,ரோஸ்,ரோட்டுல செட் இல்ல,
35,இ,பச்சை,இலை ஈரம்,34-ன் மேல் ஏறியது
```

தம்பியின் பட்டியலில் "தண்ணி கழிவு" விலைத் தலைப்பின் கீழ் இருந்தது. தப்பென்று சொல்ல முடியாது. மழையில் நனைந்த கொழுந்துக்கு எடையில் கழித்துக்கொள்வது காசு விஷயம்தான். "செட் இல்ல" போக்குவரத்தில் இருந்தது. "இலை ஈரம்" மழையில். ஆனால் சுவரில் இவை அனைத்தும் ஒரே கொத்து, அதுவும் ஒன்றையொன்று தொட்டபடி. கொழுந்தைப் பறித்து ரோட்டோரம் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒதுங்க ஒரு கூரை இல்லை. சாக்கு நனைகிறது, இலையில் ஈரம் ஏறுகிறது, எடையில் கழிக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் நான்கு புகார். சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரே புகார்: சாலையோரத்தில் ஒரு தகரக் கூரை இல்லை. ஏஜென்ட் பக்கத்துப் பச்சைத் தாளும் அதே இடத்தில் வந்து ஏறி நின்றது எனக்குச் சுவையாகப் பட்டது.

நான் படிக்காமலே 'இடை' என்று ஒதுக்கிய 33-ம் எண் "வண்டி லேட்". அது ஏஜென்ட் கொத்துக்கும் மழைக் கொத்துக்கும் நடுவே நின்றதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? வண்டி வர நேரமாவதால்தான் சாக்கு மழையில் காத்திருக்கிறது. ஏதாவது ஒரு பக்கம் தள்ளியிருந்தால் அந்த இணைப்பே அறுந்திருக்கும்.

கரடி விஷயமும் இதே. கோத்தகிரிப் பக்கம் கரடி என்றால் யாரும் வனவிலங்குத் தலைப்பில்தான் போடுவார்கள், தம்பியும் போட்டிருந்தார், காட்டெருமைக்கு அடுத்து. சுவரில் "காலைல கரடி" விலங்குக் கொத்தில் இல்லவே இல்லை. "முதல் பஸ் இருட்டுல", "லைட் எரியல" இவற்றோடு ஊ கொத்தில் இருந்தது. காட்டெருமை தோட்டத்தில் சங்கடம். கரடி பஸ் பிடிக்க நடக்கும் வழியில் சங்கடம். இரண்டுக்கும் கேட்க வேண்டிய ஆட்கள்கூட வேறு வேறு.

ஒரே ஒரு தாளின் எழுத்து என்னை நாளெல்லாம் மடக்கியது. ஊ கொத்தில், ரோஸ் தாள்: "பாதை கரடு" அல்லது "பாதை காடு". நம் எழுத்தில் ரகரமும் துணைக்காலும் கையெழுத்தில் ஒன்றுபோலவே விழும், வால் இழுக்காதவர் எழுதினால் பிரிக்கவே வழியில்லை. பக்கத்துத் தாள்களை வைத்து ஊகிக்கலாம் என்றால் கரடுமுரடான பாதையும் புதர் மண்டிய பாதையும் அந்தக் கொத்துக்கு ஒரே அளவு பொருந்துகின்றன. அதே பெண் எழுதிய வேறு தாள் இருக்கிறதா என்று கையெழுத்தைத் தேடினேன், இல்லை. இரண்டு வாசிப்பையும் எழுதி, முன்னால் கேள்விக்குறி போட்டு விட்டேன்.

எல்லா நெருக்கமும் அர்த்தமுள்ளது என்று இதை வைத்து நினைத்துவிடக் கூடாது. எ கொத்தில் உரம், கொப்புளநோய், கவாத்து பற்றி ஆறு தாள்கள், சுவிட்ச் போர்டுக்குக் கீழே நெருக்கிப் பிடித்து ஒட்டியிருந்தன. கேட்டால், கடைசியில் வந்தவர்கள் கிடைத்த இடத்தில் ஒட்டினார்களாம், யாரும் அவற்றை நகர்த்தவே இல்லை. மிக உயரத்தில் தனியே நின்ற இரண்டும் ஒரு நெட்டையான அண்ணன் எட்டி ஒட்டியவை, மற்றவர்களுக்கு அவ்வளவு உயரம் கை எட்டாது. இதெல்லாம் படத்தில் தெரியாது. அதனால் குறிப்பு நெடுவரிசையில் இருந்த இடத்தை மட்டும் எழுதினேன், ஏன் என்பதை எழுதவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதை வேறு நிறத்தில், சொன்னவர் யார் என்பதோடு சேர்த்தேன்.

திரும்பக் காட்டியது

பத்து நாள் கழித்து, எண் போட்ட படத்தையும் பட்டியலையும் அச்செடுத்துக்கொண்டு போனேன். இலை வண்டிக்காகக் காத்திருந்த இடத்திலேயே ஐந்து பெண்கள் பார்த்தார்கள். பட்டியலைப் பத்து நொடி பார்த்துவிட்டுப் படத்துக்குப் போய்விட்டார்கள். தங்கள் தாளை இடத்தை வைத்துத்தான் தேடினார்கள். 41-ம் எண்ணும் 44-ம் எண்ணும் வேறு கொத்தில் இருந்ததாக ஒருவர் சொன்னார். படம் எடுத்த பிறகு யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். படத்தில் இருந்ததை அப்படியே விட்டு, 'பிறகு மாற்றியது' என்று பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

கேள்விக்குறித் தாளைக் காட்டினேன்.

"காடுதாங்க. செடி ரெண்டு பக்கமும் மூடிக் கெடக்கு, கரடி நின்னா பக்கத்துல போற வரைக்கும் தெரியாது" என்றார் எழுதியவரே.

அப்போதுதான் பார்த்தேன், சுவரில் அந்தத் தாள் கரடித் தாளின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அதைக் குறிப்பில் எழுதியிருந்தேன், "27-ஐ ஒட்டி" என்று, காரணம் தெரியாமலே.

தரையில் கிடந்த ரோஸ் தாளில் "ஞாயித்துக்கெழம லீவு" என்று இருந்தது. எங்கிருந்து விழுந்தது என்று எல்லோரிடமும் கேட்டேன். வண்டி வந்து சாக்குகளை ஏற்ற ஆரம்பித்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் சொன்னாள்:

"அது என்னுதுக்கா. நான் ஒட்டவேயில்ல. கையிலயே வெச்சிருந்தேன், எப்ப விழுந்துச்சுன்னு தெரியல."

71-ம் எண்ணுக்கு எதிரே 'தரை' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'ஒட்டப்படவில்லை' என்று எழுதினேன். எந்தக் கொத்தில் வைத்திருப்பாய் என்று கேட்டேன். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது.